பதில் சொல்லாதவர்களின் கணக்கு

சாதியைப் பற்றி யாராவது ஒரு கருத்தாய்வு நடத்தி முடிவுகளை வெளியிட்டால், அதை ஓரங்கட்ட ஒரே ஒரு கேள்வி போதும்: "எத்தனை பேர் பதில் சொன்னார்கள்?" கேட்பவர் புள்ளியியல் பேராசிரியராக இருக்க வேண்டிய அவசியமில்லை. தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்திருப்பவரும் இதைக் கேட்கிறார், ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் எதிரே இருப்பவரும் கேட்கிறார். கேட்டதும் அறை அமைதியாகிவிடுகிறது. விவாதம் அத்தோடு முடிந்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஐ.ஐ.டி. பம்பாய் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான பிரிவு 2022 பிப்ரவரியில் அம்மாணவர்களிடம் வளாகத்தில் அவர்களுடைய அனுபவங்களைப் பற்றி ஒரு கருத்தாய்வு நடத்தியது. 2023 பிப்ரவரியில் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்த பிறகுதான் நாட்டின் செய்தித்தாள்கள் அந்த ஆய்வைத் திரும்பிப் பார்த்தன. ஏறத்தாழ 2000 மாணவர்களுக்கு அனுப்பப்பட்ட வினாக்களுக்கு 388 பேர் பதில் அளித்திருந்தார்கள். ஐந்தில் ஒருவர். "மனக்குறை உள்ளவன்தான் படிவத்தை நிரப்புவான், மீதி 1612 பேருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லிவிடுவது இத்தகைய எண்ணைப் பார்த்தவுடன் மிக எளிது.

எண்களோடு மல்லுக்கட்டுவதையே தொழிலாகக் கொண்ட முனைவர் பட்ட ஆய்வாளன் என்ற முறையில் சொல்கிறேன்: "எத்தனை பேர்?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அது முதல் கேள்விதான். பதில் சொல்லாதவர்கள் சொன்னவர்களிடமிருந்து எந்த வகையில், எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதே அடுத்த கேள்வி, உண்மையான கேள்வியும் அதுதான். அதற்கு விடை தேட வழிமுறைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யச் சொல்லாமல் முதல் கேள்வியோடு எழுந்து போகிறவர், அறிவியலின் பெயரால் கதவைச் சாத்துகிறார்.

பதில் விகிதம் குறைவு என்பதாலேயே ஒரு ஆய்வு பொய்யாகிவிடாது, அதிகம் என்பதாலேயே மெய்யாகிவிடவும் செய்யாது. பிழையின் அளவு இரண்டு எண்களின் பெருக்கல். பதில் சொல்லாதவர்களின் பங்கு ஒன்று. சொன்னவர்களுக்கும் சொல்லாதவர்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மற்றொன்று. வேறுபாடு சுழியமென்றால் எண்பது விழுக்காட்டினர் மௌனமாக இருந்தாலும் முடிவு சாயாது. வேறுபாடு பெரிதென்றால் இருபது லட்சம் பதில்கள் வந்தாலும் காப்பாற்றாது.

இருபது லட்சம் என்று சும்மா சொல்லவில்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடி அஞ்சல் வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் மோட்டார் வாகனமும் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியலைப் பயன்படுத்தியதுதான் தவறு என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அது பாதி உண்மைதான். பெவெரில் ஸ்குவயர் என்ற அரசியல் ஆய்வாளர் 1988இல் பழைய கேலப் தரவை எடுத்து மறுபடி பார்த்தார். சீட்டு கிடைத்தும் திருப்பி அனுப்பாதவர்கள் ரூஸ்வெல்ட் பக்கம் அதிகம் சாய்ந்திருந்தார்கள். சீட்டு கிடைத்த எல்லோரும் அனுப்பியிருந்தால் அதே கோணல் பட்டியலை வைத்தே ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்பது தெரிந்திருக்கும். அதாவது அந்த இதழின் பெரிய எண்ணைக் கவிழ்த்ததில் மௌனமாக இருந்தவர்களுக்கும் பங்குண்டு.

சரி, மௌனமாக இருப்பவரின் பதிலை எப்படி அறிவது? ஆர்ம்ஸ்ட்ராங், ஓவர்டன் என்ற இருவர் 1977இல் எழுதிய கட்டுரையை நம் நாட்டு மேலாண்மை, வணிகவியல் ஆய்வேடுகள் மந்திரம் போல மேற்கோள் காட்டுகின்றன. பதிலளிக்காமையால் வரும் சாய்வை மதிப்பிட அவர்கள் பேசிய வழிகளில் இரண்டு நமக்கு முக்கியமானவை. முதல் வழி, ஏற்கெனவே தெரிந்த மக்கள்தொகை எண்களோடு பதிலளித்தவர்களை ஒப்பிடுவது. இரண்டாவது, முதலில் பதில் சொன்னவர்களையும் நினைவூட்டலுக்குப் பிறகு சொன்னவர்களையும் ஒப்பிட்டு, போக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது. நாலு முறை கேட்ட பிறகு வாய் திறப்பவர், கடைசிவரை வாய் திறக்காதவருக்கு ஓரளவு நெருக்கமானவராக இருப்பார் என்பது இதன் பின்னாலுள்ள ஊகம்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 2000, 388 என்ற இரண்டு எண்களை மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். இனி வருபவை எல்லாம் வழிமுறையை விளக்க நானே வைத்துக்கொண்ட எண்கள், அந்த ஆய்வின் முடிவுகள் அல்ல.

"வளாகத்தில் சாதிப் பாகுபாட்டைச் சந்தித்தீர்களா?" என்பது கேள்வி. முதல் மின்னஞ்சலுக்கு 200 பேர் பதில் சொல்கிறார்கள், அதில் 120 பேர் "ஆம்". அதாவது 60 விழுக்காடு. முதல் நினைவூட்டலுக்குப் பின் 108 பேர், அதில் 54 பேர் "ஆம்", 50 விழுக்காடு. இரண்டாம் நினைவூட்டலுக்குப் பின் 80 பேர், அதில் 32 பேர் "ஆம்", 40 விழுக்காடு. மொத்தம் 388 பேரில் 206 பேர், 53 விழுக்காடு.

எண்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. "பார்த்தீர்களா, மனக்குறை உள்ளவன்தான் முதலில் ஓடிவந்து நிரப்பினான்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். இந்த எண்களில் அது உண்மைதான், ஒப்புக்கொள்வோம். இப்போது அவர்களுடைய வாதத்தையே பின்தொடர்ந்து மீதி 1612 பேரும் கடைசி அலையைப் போன்றவர்கள் என்று கொள்வோம். அவர்களில் 40 விழுக்காடு, அதாவது சுமார் 645 பேர் "ஆம்" சொல்லியிருப்பார்கள். 206ஐயும் கூட்டினால் 2000 பேரில் 851 பேர், ஏறத்தாழ 43 விழுக்காடு. 53 என்பது 43 ஆகக் குறைகிறது, காணாமல் போய்விடவில்லை. "மீதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை" என்பவர், கடைசி அலையில் 40 ஆக இருந்த எண் அடுத்த அடியில் ஒரேயடியாகச் சுழியத்துக்கு விழுந்தது என்று நம்பச் சொல்கிறார். அப்படி விழுந்தால்கூட 206 பேர், பத்து விழுக்காட்டுக்கும் மேல். மறுபக்கம் மௌனமாக இருந்த எல்லோருமே "ஆம்" என்றால் 91 விழுக்காடு. ஆதாரமில்லாமல் அந்த மேல் எல்லையை நாம் உரிமை கோர முடியாது. கீழ் எல்லையை அவர்களும் அதே போல உரிமை கோர முடியாது.

அடுத்தது தெரிந்த எண்களோடு ஒப்பிடுவது. கல்வி நிறுவனத்தின் கையில் மாணவர் பட்டியல் இருக்கிறது. இளநிலை எத்தனை, முதுநிலை எத்தனை, முனைவர் பட்டம் எத்தனை, பெண்கள் எத்தனை, பழங்குடியினர் எத்தனை என்பதெல்லாம் அதில் உண்டு. நம் கணக்கில் 2000 பேரில் 400 பேர், அதாவது 20 விழுக்காடு முனைவர் பட்ட மாணவர்கள் என்று வைப்போம். பதில் சொன்ன 388 பேரில் அவர்கள் 28 பேர்தான். ஏழு விழுக்காடு. முதல் அலையில் 200க்கு 10 பேர், இரண்டாவதில் 108க்கு 10 பேர், மூன்றாவதில் 80க்கு 8 பேர். விழுக்காட்டில் 5, 9, 10.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பின்னால் வந்த அலைகள் உண்மையான 20ஐ நோக்கி நகர்கின்றன, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. இரண்டு வழிகளையும் சேர்த்துச் செய்வதன் பயன் இங்கேதான் இருக்கிறது. தெரிந்த ஒரு பண்பில் தாமதமாக வந்தவர்கள் மக்கள்தொகையை நோக்கி நகர்கிறார்கள் என்றால், தெரியாத பண்பிலும் அவர்களை மௌனமாக இருந்தவர்களின் சாயலாகக் கொள்ள ஓரளவு அடிப்படை உண்டு. எதிர்த்திசையில் நகர்கிறார்கள் என்றால் அலைகளை வைத்து நீட்டிக் கணக்கிடுவதைக் கைவிட வேண்டும். பாதியில் நிற்கிறார்கள் என்றால், கடைசி அலைக்கும் அப்பால் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதன் மௌனம் வேறு வகை என்று பொருள்.

முனைவர் பட்ட மாணவர் ஏன் பேச மாட்டார்? அவருடைய கையெழுத்து, உதவித்தொகை, பட்டம், பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒரே ஒரு வழிகாட்டியின் மேசையில் கிடக்கின்றன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒளிந்துகொள்ளலாம், நாலு பேர் உள்ள ஆய்வகத்தில் எங்கே ஒளிவது? ஆகவே அந்த 28 பேரில் 22 பேர், 79 விழுக்காடு, "ஆம்" என்றிருந்தால் வியப்பில்லை. மற்ற 360 பேரில் 184 பேர், 51 விழுக்காடு. இப்போது முனைவர் பட்ட மாணவர்களுக்கு அவர்களுக்குரிய 20 விழுக்காட்டு எடையையும் மற்றவர்களுக்கு 80ஐயும் கொடுத்துத் திரும்பக் கணக்கிட்டால் வருவது ஏறத்தாழ 57 விழுக்காடு.

அலைக் கணக்கு 53ஐ 43 ஆக இறக்கியது. பட்டியல் கணக்கு அதையே 57 ஆக ஏற்றுகிறது. எது சரி? இரண்டையும் அச்சிடுவதுதான் சரி. ஏனென்றால் இங்கே இரண்டு வகை மௌனங்கள் கலந்துகிடக்கின்றன. ஒன்று, "எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை" என்ற அக்கறையின்மை. இன்னொன்று, "தெரிந்தால் தொலைந்தேன்" என்ற அச்சம். முதல் வகையினரை இரண்டு நினைவூட்டலில் பிடித்துவிடலாம், அவர்கள் எண்ணை இறக்குவார்கள். இரண்டாம் வகையினரை இருபது நினைவூட்டலிலும் பிடிக்க முடியாது. வெறும் அலைக் கணக்கு முதல் மௌனத்தை அளந்துவிட்டு இரண்டையும் அளந்ததாகச் சொல்லிவிடுகிறது.

"தாமதம்" என்ற சொல்லுக்கே ஒரே பொருள் கிடையாது. நான் வசிக்கும் பூந்தமல்லியில் காலை பதினோரு மணிக்கு வீடு வீடாகப் படிவத்தோடு போனால் கதவைத் திறப்பவர்கள் ஒரு வகையினர். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளின் கம்பெனி பஸ்ஸில் போய் ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர் மூன்றாம் முறை போகும்போதுதான் கிடைப்பார். அவர் தயங்கியவர் அல்ல, வேலைக்குப் போனவர். அவரை "தயக்கமுள்ள பதிலாளர்" என்று வகைப்படுத்தினால் ஒரு கூலித் தொழிலாளியின் உழைப்பு நேரத்தை மனநிலையாக மாற்றி எழுதிவிடுகிறோம். ஆகவே ஒவ்வொரு பதிலின் தேதியோடு, அது ஏன் தாமதமானது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆள் வீட்டில் இல்லையா, மறுத்தாரா, அப்புறம் வா என்றாரா? மூன்றும் வேறு வேறு.

இப்போது நம் பல்கலைக்கழகங்களில் நடப்பதைப் பாருங்கள். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி இருக்கும். முதலில் வந்த முப்பது படிவங்களையும் கடைசியில் வந்த முப்பது படிவங்களையும் ஒப்பிட்டோம், புள்ளியியல் சோதனையில் 0.05 அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எனவே பதிலளிக்காமைச் சாய்வு இல்லை என்று எழுதப்பட்டிருக்கும். நம் கணக்கின் 60க்கும் 40க்கும் இடையேயான இருபது புள்ளி வேறுபாடு, 200 பேரையும் 80 பேரையும் ஒப்பிடும்போது அந்தச் சோதனையில் பளிச்சென்று தெரியும். அதே இருபது புள்ளி, முப்பதையும் முப்பதையும் ஒப்பிட்டால் "வேறுபாடு இல்லை" என்று வரும். வேறுபாடு அங்கேயேதான் இருக்கிறது, பார்க்கும் கண்ணாடிதான் மங்கல். கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை இல்லை என்று எழுதுவது புள்ளியியல் ஆகாது.

அதைவிடப் பெரிய மோசடி ஒன்று உண்டு. அந்த ஒப்பீடு எதை வைத்துச் செய்யப்படுகிறது? வயது, பாலினம், பணி அனுபவம். சாதி அந்தப் படிவத்திலேயே இருக்காது. கேட்டால் "உணர்வுபூர்வமான விஷயம்" என்பார்கள். யார் பேசுவார், யார் வாயை மூடிக்கொள்வார் என்பதைச் சாதி தீர்மானிக்கிற ஒரு சமூகத்தில், அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட்டு "சாய்வில்லை" என்று சான்றிதழ் கொடுப்பது, வீட்டுக்குள் பாம்பு இருக்கிறதா என்று கூரையை மட்டும் பார்த்துவிட்டு வருவதைப் போன்றது.

மௌனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கர்நாடகத்தில் 2025 செப்டம்பர் 22 அன்று சமூக, கல்விக் கணக்கெடுப்பு தொடங்கியது. மூன்றே நாளில், பங்கேற்பது மக்களின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதைத் தெளிவுபடுத்துமாறு உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. தாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் அல்ல என்று காரணம் சொல்லி நாராயண மூர்த்தி, சுதா மூர்த்தி இணையர் விவரம் தர மறுத்தார்கள். இது அச்சத்தின் மௌனமா? இல்லை, எண்ணப்பட வேண்டிய தேவை இல்லாதவர்களின் மௌனம். ஆய்வகத்தில் ஒடுங்கி நிற்கும் முனைவர் பட்ட மாணவரும், விவரம் தர மறுக்கும் பெருஞ்செல்வரும் கணக்கேட்டில் ஒரே கட்டத்தில்தான் விழுவார்கள்: "பதில் இல்லை". முதல்வரின் மௌனம் துன்பத்தைக் குறைத்துக் காட்டும். இரண்டாமவரின் மௌனம் செல்வம் யாரிடம் குவிந்திருக்கிறது என்பதை மறைக்கும். இரண்டாலும் பயனடைவது ஒரே தரப்பு.

இந்த இரண்டாம் மௌனத்தைத் தெரிந்த எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாமா? பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முடியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர் 17.15 விழுக்காடு, பழங்குடியினர் 6.95 விழுக்காடு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. எந்த ஆய்வின் மாதிரியையும் இந்த எண்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் மாதிரியில் பார்ப்பனர் எத்தனை விழுக்காடு இருக்க வேண்டும், ஆதிக்க இடைநிலைச் சாதியினர் எத்தனை இருக்க வேண்டும் என்று கேட்டால் நாடு கைவிரிக்கிறது. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931ஆம் ஆண்டினுடையது. 2011இல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் சாதித் தரவுகளை ஒன்றிய அரசு வெளியிடவே இல்லை. வரும் கணக்கெடுப்பில் சாதியைச் சேர்ப்பதாக ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்ததே 2025 ஏப்ரல் 30 அன்றுதான்.

ஆக, "உங்கள் மாதிரி மக்கள்தொகையைப் பிரதிபலிக்கிறதா?" என்று நம்மைக் கேட்கிறவர்கள், அந்த மக்கள்தொகையை எண்ணவிடாமல் தொண்ணூறு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டவர்களின் பக்கம்தான் பெரும்பாலும் நிற்கிறார்கள். அளவுகோலை ஒளித்துவைத்துவிட்டு, அளந்து காட்டு என்கிறார்கள்.

அதற்காக நாம் சரிபார்ப்பைத் தவிர்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. தோழர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டு, வந்த பதில்களை விழுக்காடாக்கி அறிக்கை வெளியிடுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவருகிறது. அங்கே எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதே தெரியாது. எனவே பதில் சொல்லாதவர் என்று ஒருவரும் இல்லை, சரிபார்க்க ஒன்றும் மிஞ்சாது. எதிரியின் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவோம். கேட்கப்போகிறவர்களின் பட்டியலை முதலில் முடிவு செய்ய வேண்டும். நினைவூட்டல் அனுப்பிய நாட்களைக் குறித்துவைத்து, அந்த நாட்களை வைத்தே அலைகளைப் பிரிக்க வேண்டும், வந்த படிவங்களைப் பாதியாக வெட்டி அல்ல. பட்டியலின் விகிதங்களைப் பதில்களின் விகிதங்களுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: ஒரு துறையில் ஒரே ஒரு பழங்குடி ஆய்வு மாணவி இருந்தால், துறை, பிரிவு, பாலினம் மூன்றையும் கேட்கும் படிவம் அவர் பெயரைக் கேட்டதற்குச் சமம். சரிபார்ப்புக்குத் தேவையான அளவு மட்டும் கேளுங்கள், சிறிய கட்டங்களைச் சேர்த்து வெளியிடுங்கள்.

இதற்கு மேலும் ஒரு வழி உண்டு. ஹான்சனும் ஹர்விட்சும் 1946இலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். பதில் சொல்லாதவர்களிலிருந்து ஒரு சிறு கூட்டத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவர்களை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். 1612 பேரில் 80 பேர். அந்த 80 பேரில் பெரும்பாலானோர் பேசிவிட்டால், இருபது நினைவூட்டலை விட அது அதிகம் சொல்லும், ஊகத்தை வைத்து நீட்டிக் கணக்கிட வேண்டிய தேவையும் குறையும். ஆனால் யார் போகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிர்வாகத்தின் முத்திரை பதித்த கடிதத்தோடு போகிறவரிடம் அந்த மாணவர் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்பார். அந்தப் பதில் பதிவாகும், பதில் விகிதம் உயரும், உண்மை முன்பைவிடத் தூரமாகப் போய்விடும்.

ஆகவே கோரிக்கை எளிமையானது. உயர்கல்வி நிறுவனங்கள் தங்கள் மாணவர், ஆசிரியர் பட்டியலின் விகிதங்களை, சாதிப் பிரிவு, படிப்பு நிலை, பாலினம் வாரியாக ஆண்டுதோறும் பொதுவில் வைக்கட்டும். எந்தச் சாதி ஆய்வையும் "பதில் குறைவு" என்று நிராகரிக்கும் குழு, எந்தப் பண்பில், எந்தத் திசையில், எவ்வளவு சாய்வு என்று எண்ணோடு எழுதித் தரட்டும். அதை எழுதித் தர முடியாதவர்கள், பேசாத 1612 பேரின் சார்பாகப் பேசுவதை முதலில் நிறுத்தட்டும்.